வரி உத்தரவுக்கு மேலே: முதல் மேல்முறையீடு, தீர்ப்பாயம், நீதிமன்றம்

வருமான வரித் துறை உங்கள் கணக்கை ஆய்வுக்கு எடுத்து முடித்ததும் இரண்டு ஆவணங்கள் வரும். ஒன்று மதிப்பீட்டு உத்தரவு. எந்த வருமானத்தைச் சேர்த்தோம், எந்த விலக்கை மறுத்தோம், ஏன் என்று பல பக்கங்களுக்கு அதில் எழுதியிருக்கும். இன்னொன்று பிரிவு 156-ன் கீழ் வரும் கேட்பு அறிவிப்பு, அதாவது டிமாண்ட் நோட்டீஸ். ஒரே பக்கம்தான், அதில் ஒரு தொகை இருக்கும். பலரும் முதல் ஆவணத்தைப் படித்துப் பதறிவிட்டு இரண்டாவதை ஓரமாக வைத்துவிடுகிறார்கள். ஆனால் நாள்கணக்கு ஓடத் தொடங்குவது அந்த ஒரு பக்கத் தாள் கைக்கு வந்த தேதியிலிருந்துதான். பணம் கட்டவும் 30 நாள், மேல்முறையீடு செய்யவும் 30 நாள்.

இந்தியாவில் வருமான வரித் தகராறு மேலே ஏறும் வழியை, ஒரே ஒரு கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு இங்கே பார்க்கலாம். பிரிவு எண்கள் எல்லாம் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தினுடையவை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்தாலும், அதற்கு முந்தைய ஆண்டுகளின் கணக்குகளுக்குப் பழைய சட்டமே பொருந்தும். புதிய சட்டத்தில் எண்கள் மாறியிருக்கின்றன, படிகள் அதேதான்.

எடுத்துக்கொண்ட கணக்கு

விளக்கத்துக்காக ஒரு நூலகரைக் கற்பனை செய்துகொள்வோம். சென்னையில் இருக்கிறார், வரிக்குரிய சம்பள வருமானம் 8 லட்சம். 2021 அக்டோபரில், பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மனையை 48 லட்சத்துக்கு விற்றார். பணவீக்கச் சரிக்கட்டல் போக மூலதன ஆதாயம் 30 லட்சம். 2022 ஜனவரியில் 49 லட்சத்துக்கு ஒரு வீடு வாங்கினார். விற்ற பணம் முழுவதையும் வீட்டில் போட்டதால் பிரிவு 54F-ன் கீழ் ஆதாயம் முழுவதற்கும் விலக்குக் கேட்டார். பத்திரம் மட்டும் மனைவி பெயரில் பதிவானது.

இன்னொரு விஷயமும் இருந்தது. 2021 நவம்பரில் தன் வங்கிக் கணக்கில் 8 லட்சம் ரொக்கம் செலுத்தியிருந்தார். மே, ஜூன் மாதங்களில் வேறொரு வங்கியிலிருந்து ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுக்க எடுத்த பணம், பேரம் முறிந்ததும் திரும்பக் கட்டினேன் என்பது அவருடைய விளக்கம். அந்த இன்னொரு வங்கியின் கணக்கு அறிக்கை கிடைக்கத் தாமதமானதால், மதிப்பீட்டின்போது விளக்கத்தை மட்டும் எழுதி அனுப்பினார்.

2024 மார்ச் 18-ஆம் தேதி உத்தரவு வந்தது. வீடு மனைவி பெயரில் இருப்பதால் விலக்கு இல்லை. 8 லட்சத்துக்கு மூலம் காட்டவில்லை, ஆகவே அது கணக்கில் வராத பணம்.

இப்போது வரியைப் பாருங்கள். 30 லட்சம் ஆதாயத்துக்கு 20 சதவீதமும் அதன் மேல் 4 சதவீதச் செஸ்ஸும் சேர்த்தால் 6,24,000 ரூபாய். 8 லட்சம் ரொக்கத்துக்கும் அதே 6,24,000 ரூபாய்! கணக்கில் வராத பணம் என்று முத்திரை விழுந்தால் வரி 60 சதவீதம், அதன் மேல் கூடுதல் வரி, செஸ் எல்லாம் சேர்ந்து 78 சதவீதம் ஆகிவிடும். எட்டு லட்சம் முப்பது லட்சத்துக்குச் சமமாக வந்து நிற்பது அதனால்தான். இரண்டும் சேர்ந்து 12,48,000. இதற்கு 2022 ஏப்ரல் முதல் 24 மாதங்களுக்கு மாதம் 1 சதவீத வட்டி 2,99,520. மொத்தக் கேட்பு 15,47,520 ரூபாய்.

இந்த இரண்டு தகராறும் ஒரே மாதிரியானவை அல்ல என்பதைக் கவனியுங்கள். வீடு விஷயத்தில் நடந்தது என்ன என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. மனைவி பெயரில் வாங்கினால் சட்டம் விலக்குத் தருமா என்பதுதான் கேள்வி. அது சட்டக் கேள்வி. ரொக்கம் விஷயத்தில் சட்டம் தெளிவு. பணம் எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி. அது உண்மை பற்றிய கேள்வி. ஏணியில் இவை இரண்டும் வெவ்வேறு உயரத்துக்குத்தான் ஏறும். வழக்கு கையில் வந்ததும் முதல் வேலை, ஒவ்வொரு சேர்ப்பும் இதில் எந்த வகை என்று பிரித்து எழுதிக்கொள்வது.

முதல் 30 நாள்

உத்தரவில் கூட்டல் பிழையோ, கட்டிய வரியைச் சேர்க்காத பிழையோ இருந்தால் பிரிவு 154-ன் கீழ் திருத்த மனு போடலாம். அது எளிது, கட்டணம் இல்லை. ஆனால் திருத்த மனு போட்டிருக்கிறோம் என்பதற்காக மேல்முறையீட்டுக் கெடு நீளாது. மனுவுக்குப் பதில் வரட்டும் என்று காத்திருந்து 30 நாளைத் தவறவிட்டவர்கள் நிறைய. நம் நூலகருக்கு நடந்தது கணக்குப் பிழை இல்லை, அதிகாரியின் முடிவோடுதான் அவருக்கு முரண்பாடு. ஆகவே மேல்முறையீடுதான் வழி.

முதல் மேல்முறையீடு ஆணையரிடம் (மேல்முறையீடுகள்) போகும். வருமான வரி இணையதளத்தில் படிவம் 35-ல் தாக்கல் செய்ய வேண்டும். மதிப்பிட்ட வருமானம் 2 லட்சத்துக்கு மேல் இருந்தால் கட்டணம் 1,000 ரூபாய். வருமான அறிக்கையில் நீங்களே ஒப்புக்கொண்ட வருமானத்துக்கான வரியை முன்பே கட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் மேல்முறையீட்டை ஏற்கவே மாட்டார்கள். நூலகருக்குக் கடைசி நாள் ஏப்ரல் 17. தவறினால் தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம். அதற்கு ஒவ்வொரு நாளுக்கும் காரணமும், முடிந்தால் சான்றும் வேண்டும். ‘ஆடிட்டர் சொல்லவில்லை’ என்ற ஒரு வரி பெரும்பாலும் போதாது.

படிவம் 35-ல் முக்கியமான இடங்கள் இரண்டு: நடந்தவற்றைச் சொல்லும் விவரக் குறிப்பு, மேல்முறையீட்டுக் காரணங்கள். காரணங்களை எழுதும்போது வாதத்தை எல்லாம் அதில் கொட்ட வேண்டியதில்லை. எது தவறு, எந்தத் தொகை, எந்தப் பிரிவு என்று ஒரு சேர்ப்புக்கு ஒரு காரணம் போதும். ‘மதிப்பீட்டு அதிகாரியின் உத்தரவு சட்டத்துக்கும் நியாயத்துக்கும் புறம்பானது’ என்று மட்டும் எழுதினால் அதிலிருந்து யாரும் எதையும் பிடிக்க முடியாது. நூலகர் இப்படி எழுதலாம்:

‘வீட்டுக்கான தொகை முழுவதும் மனுதாரரின் கணக்கிலிருந்தே சென்றிருக்க, பத்திரம் மனைவி பெயரில் உள்ளது என்ற ஒரே காரணத்துக்காக பிரிவு 54F-ன் கீழ் 30,00,000 ரூபாய் விலக்கை மறுத்தது தவறு.’

‘வேறு வங்கிக் கணக்கிலிருந்து முன்பே எடுத்த தொகை என்ற விளக்கத்தை விசாரிக்காமல் 8,00,000 ரூபாயைக் கணக்கில் வராத பணமாகச் சேர்த்தது தவறு.’

மேல்முறையீடு போட்டுவிட்டால் வசூல் தானாக நின்றுவிடும் என்று நினைக்கக் கூடாது. அது தனி மனு. மதிப்பீட்டு அதிகாரியிடம் பிரிவு 220(6)-ன் கீழ், மேல்முறையீடு முடியும்வரை வசூலை நிறுத்திவைக்கக் கேட்க வேண்டும். மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் 2017 ஜூலை 31 அறிவுறுத்தலின்படி, சர்ச்சைக்குரிய கேட்பில் 20 சதவீதம் கட்டினால் மீதியை நிறுத்திவைப்பது வழக்கம். நம் கணக்கில் அது 3,09,504 ரூபாய். இந்தச் சதவீதம் வாரியம் வகுப்பது, முன்பு 15 ஆக இருந்தது. உங்கள் உத்தரவு வரும் நேரத்தில் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். மனு போடாமல் விட்டால் அடுத்த ஆண்டின் ரீஃபண்டைப் பிடித்துக்கொள்வார்கள், சிலசமயம் வங்கிக் கணக்கையே முடக்குவார்கள். அதற்குப் பிறகு ஓடுவதைவிட முன்பே எழுதிக் கொடுப்பது நல்லது.

முதல் படி: யார் கேட்கிறார்கள்?

இப்போது முதல் மேல்முறையீடுகள் பெரும்பாலும் முகமறியா முறையில் நடக்கின்றன. எந்த ஊரில் எந்த ஆணையர் பார்க்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. அறிவிப்பு வரும் இடம் இணையதளத்தில் `Pending Actions` என்பதற்குள் `e-Proceedings` என்ற பகுதி. பதிலும் அங்கேயே ஏற்ற வேண்டும். வாரம் ஒருமுறை அதைத் திறந்து பார்க்கும் பழக்கம் வேண்டும். அறிவிப்பு, பழைய ஆடிட்டரின் மின்னஞ்சலுக்குப் போய்க் கிடக்க, வரி செலுத்துபவருக்குத் தெரியாமலே உத்தரவு வந்துவிடுவது அடிக்கடி நடக்கிற விபத்து. தளத்தில் பதிவான மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் யாருடையவை என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

இந்தப் படியின் இயல்பைப் புரிந்துகொள்வது முக்கியம். மேல்முறையீட்டு ஆணையர் வருமான வரித் துறையின் அதிகாரி. மதிப்பீட்டு அதிகாரியும் அவரும் ஒரே துறை. நேற்று வரி வசூலிக்கும் பொறுப்பில் இருந்தவர் இன்று மேல்முறையீடு கேட்கலாம், நாளை திரும்பவும் அங்கேயே போகலாம். சட்டம் இதற்கு ஒரு வேலி போட்டிருக்கிறது. வாரியம் பொதுவான அறிவுறுத்தல்கள் தரலாம், ஆனால் மேல்முறையீட்டு ஆணையர் தன் பணியில் எடுக்கும் முடிவில் தலையிடும்படி எதுவும் சொல்லக் கூடாது என்று பிரிவு 119 சொல்கிறது. நல்ல வேலிதான். நிவாரணம் தரும் ஆணையர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் பதவி உயர்வும் இடமாற்றமும் ஒரே நிர்வாகத்தின் கையில் இருக்கும்போது, பெரிய தொகையைத் தள்ளுபடி செய்யக் கை தயங்குவது மனித இயல்பு. என் கணிப்பு இதுதான்: இந்தப் படியில் ஜெயிக்க முயலுங்கள், தோற்கவும் தயாராக இருங்கள்.

இன்னொரு கவனம். ஆணையருக்குக் குறைக்கும் அதிகாரம் மட்டுமல்ல, கூட்டும் அதிகாரமும் உண்டு. முன்கூட்டியே அறிவிப்புத் தந்து, உங்கள் பதிலைக் கேட்டுவிட்டுத்தான் கூட்ட முடியும். வேறு ஏதாவது ஓட்டை கணக்கில் இருந்தால், மேல்முறையீடு அதன்மேலும் வெளிச்சம் போடலாம்.

ஆதாரம் எங்கே சேர வேண்டும்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஏறுவது உங்கள் வாதம் மட்டுமில்லை, கீழே நீங்கள் கட்டிய கோப்பும்தான். கோப்பில் இல்லாத காகிதத்தை மேல்படிகளில் யாரும் தேடமாட்டார்கள்.

மதிப்பீட்டின்போது கொடுக்காத ஆதாரத்தை முதல் மேல்முறையீட்டில் கொடுக்க வேண்டுமானால் விதி 46A வழிவிடுகிறது, ஆனால் நிபந்தனையோடு. அதிகாரி அந்த ஆதாரத்தை ஏற்க மறுத்திருக்க வேண்டும், அல்லது போதிய காரணத்தால் உங்களால் அப்போது தர முடியாமல் போயிருக்க வேண்டும், அல்லது போதிய வாய்ப்புத் தராமலே உத்தரவு போட்டிருக்க வேண்டும். அதை எழுத்தில் மனுவாகச் சொல்ல வேண்டும். ஆணையர் அதை ஏற்றால், மதிப்பீட்டு அதிகாரிக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்வார். அங்கிருந்து ஓர் அறிக்கை வரும். அந்த அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, அதற்கும் பதில் எழுதுங்கள்.

நம் நூலகர் இங்கே சறுக்கினார். இதற்குள் கிடைத்துவிட்ட வங்கி அறிக்கையை விசாரணை அறிவிப்புக்குப் பதிலாக இணையதளத்தில் ஏற்றினார். அதோடு 46A மனு வைக்கவில்லை. வங்கியிடம் எந்தத் தேதியில் அறிக்கை கேட்டார், எப்போது கிடைத்தது என்ற கடிதங்கள் கையில் இருந்தும் சேர்க்கவில்லை. 2024 நவம்பர் 11-ஆம் தேதி வந்த உத்தரவில் ஆணையர் எழுதினார்: புதிய ஆதாரம், முன்பு ஏன் தரவில்லை என்று சொல்லவில்லை, ஏற்க முடியாது. வீடு விஷயத்தில், வேறொரு மாநில உயர் நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டி அதையும் தள்ளிவிட்டார். இரண்டிலும் தோல்வி.

இப்படி வரும் உத்தரவைக் கோபத்தோடு படிக்காமல் பென்சிலோடு படியுங்கள். தீர்வுக்குரிய கேள்விகள் என்ன, முடிவு என்ன, அதற்குக் காரணம் என்ன என்று ஆணையர் எழுத வேண்டும் என்று பிரிவு 250(6) கட்டாயப்படுத்துகிறது. நீங்கள் பதிலே போடாவிட்டாலும் ‘அக்கறையில்லை, தள்ளுபடி’ என்று ஒரு வரியில் முடிக்கக் கூடாது. அப்படி முடித்திருந்தால், அடுத்த படியில் அதுவே உங்கள் முதல் காரணம்.

இரண்டாம் படி: துறைக்கு வெளியே

வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 1941 ஜனவரி 25 அன்று தொடங்கியது. அது நிதி அமைச்சகத்தின் கீழ் இல்லை, சட்ட அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. காகிதத்தில் சின்ன வேறுபாடுபோலத் தெரியும். ஆனால் வரி வசூல் இலக்கு வைத்திருக்கும் நிர்வாகத்துக்கும் இங்கே தீர்ப்புச் சொல்பவருக்கும் இடையே முதன்முறையாக ஒரு சுவர் எழுவது இந்த இடத்தில்தான். அமர்வில் பொதுவாக இரண்டு பேர்: சட்டம் தெரிந்த நீதித்துறை உறுப்பினர், கணக்குத் தெரிந்த கணக்கியல் உறுப்பினர். இரண்டு பேரும் முரண்பட்டால் மூன்றாவது உறுப்பினரிடம் போகும். மதிப்பிட்ட வருமானம் 50 லட்சத்துக்கு மேற்படாவிட்டால் ஒரே உறுப்பினர் விசாரிக்கலாம். நூலகரின் மதிப்பிட்ட வருமானம் 46 லட்சம், ஆகவே அவருடையது அந்த வகை. இங்கே வருமான வரித் துறையும் உங்களைப்போல ஒரு தரப்புதான். அதன் பிரதிநிதி எதிர்ப் பக்கம் நின்று வாதாடுவார்.

தாக்கல் படிவம் 36. கெடு, ஆணையரின் உத்தரவு உங்களுக்குக் கிடைத்த மாதம் முடிந்து இரண்டு மாதம். 2024 அக்டோபருக்கு முன்பு இது 60 நாளாக இருந்தது, பழைய வழிகாட்டிகளில் அப்படியே இருக்கும். நூலகருக்கு உத்தரவு நவம்பரில் கிடைத்தது, ஆகவே 2025 ஜனவரி 31 வரை நேரம். கட்டணம் மதிப்பிட்ட வருமானத்தில் 1 சதவீதம், ஆனால் 10,000 ரூபாய்க்கு மேல் இல்லை. அவருக்கு அந்த 10,000.

முதல் படியில் வாங்கிய நிறுத்திவைப்பு அந்தப் படியோடு முடிந்துவிடும். தீர்ப்பாயத்தில் தடைக்குத் தனி மனு வேண்டும். 20 சதவீதம் கட்டியிருக்க வேண்டும், அல்லது அதற்குப் பிணை தந்திருக்க வேண்டும். நூலகர் ஏற்கெனவே கட்டியிருப்பதால் இதில் சிக்கல் இல்லை. தடை முதலில் 180 நாள்வரை கிடைக்கும், பிறகு நீட்டிக்கலாம்.

விசாரணைக்கு முன் பேப்பர் புக் ஒன்று தயாரிக்க வேண்டும். கீழே தாக்கல் செய்த ஆவணங்களைப் பக்க எண் போட்டு, எது யார் முன்பு வைக்கப்பட்டது என்று குறித்து ஒரே தொகுப்பாகக் கட்டியது. உறுப்பினரின் மேஜையில் அன்றைக்கு வரிசையாகப் பல வழக்குகள் இருக்கும். ‘பக்கம் 34-ல் மே மாதம் எடுத்த பணம், பக்கம் 41-ல் நவம்பரில் கட்டிய பணம்’ என்று விரல் வைத்துக் காட்டினால் வழக்கு ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். 200 பக்கம் கட்டி அதில் தேடச் சொன்னால் யாருக்கும் பொறுமை இருக்காது.

நூலகரின் வழக்கு இங்கே எப்படிப் போகும்? வீடு விஷயத்தில், மனைவி பெயரில் வீடு வாங்கியவருக்கும் விலக்கு உண்டு என்று இதையொத்த பிரிவு 54-ன் கீழ் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறது. வேறு சில உயர் நீதிமன்றங்கள் மாற்றாகச் சொல்லியிருக்கின்றன. சென்னையில் உள்ள தீர்ப்பாய அமர்வைக் கட்டுப்படுத்துவது சென்னை உயர் நீதிமன்றம். ஆணையர் வேறு மாநிலத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டது அதனாலேயே நிற்காது. ஆகவே விலக்குக் கிடைக்கிறது. சட்டக் கேள்விக்கு எப்போதும் உங்கள் மாநில உயர் நீதிமன்றத்தில் முதலில் தேடுங்கள் என்பது இதனால்தான். முதல் மேல்முறையீட்டிலேயே அந்தத் தீர்ப்பை நகலோடு வைத்திருந்தால் ஓராண்டு மிச்சமாகியிருக்கும்.

ரொக்கம் விஷயத்தில் தீர்ப்பாயம் என்ன செய்யும்? வங்கி அறிக்கை கீழேயே ஏற்றப்பட்டிருக்கிறது, இந்தமுறை சேர்த்த, வங்கிக்கு எழுதிய கடிதங்கள் தாமதத்துக்குக் காரணம் காட்டுகின்றன. ஆதாரத்தை ஏற்று, உண்மையா என்று பார்த்து முடிவெடுக்கும்படி அந்த ஒரு பகுதியை மட்டும் மதிப்பீட்டு அதிகாரிக்கே திருப்பி அனுப்புவது இப்படிப்பட்ட வழக்குகளில் வழக்கம். பாதி வெற்றிபோல இருக்கும். ஏமாற்றமாகவும் இருக்கும், ஏறிய படியில் திரும்ப இறங்க வேண்டியிருக்கிறதே! ஆனால் இந்தமுறை அதிகாரி அந்த அறிக்கையைப் பார்க்காமல் ஒதுக்க முடியாது.

இந்தச் சுவர் எப்படி நிற்கிறது

இங்கே கொஞ்சம் விலகி ஒரு வரலாறு. உயர் நீதிமன்றங்கள் கேட்டுவந்த வரி மேல்முறையீடுகளைத் தனியாக ஒரு தேசிய வரித் தீர்ப்பாயத்துக்கு மாற்ற 2005-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அதை எதிர்த்துப் போன வழக்கறிஞர்களில் மெட்ராஸ் பார் அசோசியேஷன் முன்னால் நின்றது. 2014 செப்டம்பர் 25 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தச் சட்டத்தை ரத்துசெய்தது. அமர்வுகள் எங்கே உட்காரும், உறுப்பினரை எங்கே மாற்றுவது என்பதில் மத்திய அரசுக்கு அதில் பங்கு இருந்தது. வரி வழக்கு ஒவ்வொன்றிலும் ஒரு தரப்பு அரசுதான். வழக்காடுபவரே, தீர்ப்புச் சொல்பவரின் இருக்கையை நகர்த்த முடிந்தால் அது உயர் நீதிமன்றத்துக்கு ஈடாகாது என்பதுதான் அங்கே எழுந்த சிக்கல்.

இதை ஏன் ஒரு சாதாரண வரி செலுத்துபவர் தெரிந்துகொள்ள வேண்டும்? நூலகரின் வழக்கையே பாருங்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு முதல் படியிலும் இருந்தது, இரண்டாம் படியிலும் இருந்தது. வங்கி அறிக்கையும் அப்படியே. காகிதம் பெரிதாக மாறவில்லை. 12,48,000 ரூபாய் வரியைத் தள்ளுவதால் தன் மேலதிகாரி என்ன கேட்பார் என்ற கவலை இல்லாத ஒருவர் அதே காகிதத்தைப் படித்தார்.

மூன்றாம் படியும் நான்காம் படியும்

உண்மைகளைப் பொறுத்தவரை தீர்ப்பாயமே கடைசி. அதற்கு மேல் உயர் நீதிமன்றத்துக்கு பிரிவு 260A-ன் கீழ் போகலாம், கெடு 120 நாள். ஆனால் கணிசமான சட்டக் கேள்வி ஒன்று இருந்தால்தான் ஏற்பார்கள். ‘8 லட்சம் எங்கிருந்து வந்தது என்பதைத் தீர்ப்பாயம் தவறாக முடிவு செய்துவிட்டது’ என்று அங்கே போய் நிற்க முடியாது. ஆதாரமே இல்லாமல், எந்த நியாயமான மனிதரும் எட்டாத முடிவுக்குத் தீர்ப்பாயம் வந்திருந்தால் மட்டும் அது சட்டக் கேள்வியாக மாறும். அதை நிறுவுவது கடினம். மனைவி பெயரில் உள்ள வீட்டுக்கு விலக்கு உண்டா என்பது அப்படியில்லை, அது உயர் நீதிமன்றம்வரை நேராக ஏறக்கூடிய கேள்வி.

அதற்கு மேல் உச்ச நீதிமன்றம். பெரும்பாலும் அரசமைப்பின் 136-ஆம் உறுப்பின்கீழ் சிறப்பு அனுமதி மனுவாகத்தான் போகிறார்கள். அனுமதி தருவது நீதிமன்றத்தின் விருப்பம். பலரையும் பாதிக்கும் சட்டக் கேள்வியாக இல்லாவிட்டால் செலவும் காலமும் தகாது.

இந்தப் படிகளையெல்லாம் தாண்டி, எடுத்த எடுப்பில் உயர் நீதிமன்றத்துக்கு ரிட் மனுவோடு போகலாமா என்று கேட்பார்கள். அறிவிப்பே தராமல் உத்தரவு போட்டது, அதிகாரமே இல்லாதவர் போட்டது போன்ற வழக்குகளில் போகலாம். மற்றபடி மேல்முறையீடு என்ற வழி இருக்கிறதே என்று திருப்பி அனுப்புவார்கள். அதற்குள் 30 நாள் போயிருக்கும்.

மேல்முறையீடு செய்யும் உரிமை துறைக்கும் உண்டு, ஆனால் சிறிய தொகைகளுக்கு வாரியமே அதற்குக் கடிவாளம் போட்டிருக்கிறது. 2024 செப்டம்பர் 17 சுற்றறிக்கையின்படி, தகராறில் உள்ள வரி தீர்ப்பாயத்துக்கு 60 லட்சம், உயர் நீதிமன்றத்துக்கு 2 கோடி, உச்ச நீதிமன்றத்துக்கு 5 கோடி ஆகிய வரம்புகளைத் தாண்டினால்தான் துறை மேல்முறையீடு செய்யும். குறிப்பிட்ட சில வகை வழக்குகளுக்கு விதிவிலக்கு உண்டு. வரி செலுத்துபவருக்கு இந்த வரம்பு கிடையாது. நூலகரைப் போன்றவருக்கு இதன் பொருள்: தீர்ப்பாயத்தில் கிடைத்த விலக்கைத் துறை பொதுவாக மேலே இழுத்துப்போகாது. வீடு விஷயம் அங்கேயே முடிந்தது.

திரும்பி வந்த ஒரு பகுதி

ரொக்கத்தைத் திரும்ப விசாரித்த அதிகாரி வங்கி அறிக்கையைப் பார்க்கிறார். மே, ஜூனில் எடுத்தது 7 லட்சம்தான். மீதி 1 லட்சம் வீட்டில் சேர்த்து வைத்தது என்கிறார் நூலகர், காட்ட எதுவும் இல்லை. 7 லட்சம் நீங்குகிறது, 1 லட்சம் நிற்கிறது. அதற்கு 78,000 ரூபாய் வரி, அதற்குரிய வட்டி. முன்பு கட்டிய 3,09,504-ல் இதைக் கழித்து மீதியை மாதம் 0.5 சதவீத வட்டியோடு திருப்பித் தர வேண்டும். இந்தப் புதிய உத்தரவின் மேலும் முதல் படியிலிருந்து மீண்டும் மேல்முறையீடு செய்யலாம். நான் செய்யச் சொல்லமாட்டேன். ஒரு லட்சத்துக்குக் காட்ட காகிதம் இல்லாதவர், இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் காகிதம் இல்லாமல்தான் நிற்பார்.

அவர் கவனிக்க வேண்டியது வேறு ஒன்று. 2024 மார்ச் உத்தரவின் கடைசிப் பத்தியில் ‘அபராத நடவடிக்கை தனியாகத் தொடங்கப்படுகிறது’ என்று ஒரு வரி இருந்திருக்கும். அது தனி அறிவிப்பு, தனி உத்தரவு, தனி 30 நாள். வரியின் மேல்முறையீட்டோடு அபராதம் தானாகச் சேர்ந்து ஏறாது. அந்த அறிவிப்புக்கு, வரி பற்றிய மேல்முறையீடு நிலுவையில் இருப்பதையும் இப்போது தீர்ப்பாயம் சொன்னதையும் நகலோடு எழுதிப் பதில் போட வேண்டும். அபராத உத்தரவு வந்துவிட்டால் அதன்மேல் இன்னொரு படிவம் 35.